பந்தியில் நின்ற அண்ணன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். கல்யாணப் படம் எடுப்பதுதான் தொழில். கேண்டிட் எடுப்பதில் கைதேர்ந்தவர். ஆனால் அவரிடம் வருகிற குடும்பங்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. மளிகைக் கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், பேருந்து நடத்துநர் என்று அளவாகச் செலவு செய்கிறவர்கள். இணையதளம் தயாராகிறதாம். முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு வரியும் அதன் கீழே ஒரு பத்தியும் வேண்டும் என்றார். அவரே மூன்று வரிகள் எழுதியும் வைத்திருந்தார்.

முதல் வரி, "உங்கள் பொன்னான தருணங்களை அழியாத ஓவியமாக்குகிறோம்." இரண்டாவது, "குறைந்த விலை, நிறைந்த தரம்." மூன்றாவது, "மலிவான கட்டணத்தில் மனம் கவரும் கேண்டிட்."

இப்படி ஒரு வரியைப் பார்த்தால் நான் முதலில் செய்வது, மேலே இருக்கும் கடைப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படிப்பது. முதல் வரியை அப்படிப் படித்தால், கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் கடையிலும் மாட்டலாம், நகைக்கடையிலும் மாட்டலாம். தருணம் என்று வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை. இரண்டாவது வரி அரிசி மண்டிக்கும் பொருந்தும், ஆடித் தள்ளுபடிக்கும் பொருந்தும். மூன்றாவதில் மட்டும் தொழில் தெரிகிறது. ஆனால் அதில்தான் பெரிய தப்பு இருந்தது.

கல்யாணப் பெண்ணின் தங்கை இந்தத் தளத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள் என்று வையுங்கள். அங்கிருந்து அது மாப்பிள்ளை வீட்டுக்கும் போகும். அதில் "மலிவான" என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தால், சம்பந்தி வீட்டார் பார்வையில் பெண் வீட்டுக்குத் தலைகுனிவு. செலவைக் குறைக்க நினைக்கிற குடும்பம், குறைப்பது வெளியே தெரியக் கூடாது என்றும் நினைக்கும். அதனால் முதல் முடிவை அங்கேயே எடுத்தோம். முகப்பு வரியில் விலை பற்றிய பேச்சே வராது. விலை கீழே பத்தியில் வரும். அங்கேயும் "மலிவு" என்ற சொல் வராது, தொகைதான் வரும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய அடுத்த விஷயம், படிப்பது யார் என்பது. கல்யாணப் படத்துக்கு இரண்டு வாசகர்கள் உண்டு. தேடிக் கண்டுபிடிப்பது இளைய தலைமுறை. பணம் கொடுப்பது அப்பாவோ, அண்ணனோ, தாய்மாமனோ. இளையவர்களுக்குக் கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காத அழகான படம். அப்பாவுக்கு அது விலைப்பட்டியலில் கூடுதலாக வந்திருக்கும் ஒரு வரி. மேடையில் நிற்க ஒரு டிரடிஷனல் போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், ஆல்பம், எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது. அப்புறம் கேண்டிட்டுக்கென்று தனியாக ஓர் ஆள், அதற்குத் தனியாகப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் எதற்கு? அவர் கேட்பது நியாயமான கேள்விதான். முகப்பு வரி மகளுக்குப் பிடித்தால் மட்டும் போதாது. அப்பாவின் கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

பதில் கிடைப்பதற்கு முன்னால் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் எரிச் சாலமன் என்ற ஜெர்மானியர், கையடக்கமான எர்மனாக்ஸ் கேமராவை வைத்துக்கொண்டு நீதிமன்றங்களிலும் அரசியல் தலைவர்களின் கூட்டங்களிலும் படம் எடுத்தார். எடுக்கப்படுகிறோம் என்று தெரியாமல் இருந்தவர்களின் முகங்கள் அவை. களைத்துக் கண் அயர்ந்த அமைச்சர்கூட அதில் உண்டு. கேண்டிட் என்ற பெயர் கேமராவோடு ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்துப் படங்களால்தான். நம் மண்டபங்களுக்கு வந்து சேர்ந்தபோது அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. "சார், கொஞ்சம் கேண்டிடா அந்தப் பக்கம் பாத்துச் சிரிங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். சொல்லிச் சிரிக்க வைத்தால் அது மேடைப் படம்தான், கேமரா கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவே.

நண்பரிடம், "உங்கள் சிறப்பு என்ன?" என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஆல்பம் கொடுத்து ஆறு மாதம் கழித்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்று திரும்பி வருகிறார்களே, எந்தப் படத்துக்காக வருகிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். சாப்பாட்டுக் கூடம். இலைகளுக்கு நடுவே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக நிற்கிறார். பார்வை வாளியில் இல்லை. மேலே, மேளச் சத்தம் வரும் பக்கம் திரும்பியிருக்கிறது. கண் கலங்கியிருக்கிறது.

"பொண்ணோட அண்ணன்," என்றார். "கல்யாணமே அவர் தலையிலதான். சமையல்காரர், ஜெனரேட்டர், வேன், எல்லாம் அவர்தான் பார்த்தார். முகூர்த்தம் முடிஞ்சு எல்லாரும் மேடையில வரிசையா நின்னு படம் எடுக்கிறப்ப, முதல் பந்தி நடந்துக்கிட்டிருந்துச்சு. அறுபது பக்க ஆல்பத்துல அவர் இருக்கிறது இந்த ஒரு படத்துலதான்."

தேடிய பதில் இதில் இருந்தது. பெரிய செலவில் நடக்கும் கல்யாணத்தில் வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். வரவேற்க ஓர் ஆள், பரிமாற ஒரு குழு, எல்லாவற்றையும் மேய்க்க ஒரு நிறுவனம். வீட்டுக்காரர்கள் உடுத்திக்கொண்டு மேடையில் நிற்கலாம். அளவான கல்யாணத்தில் அந்த வேலைகளைச் செய்வது குடும்பமேதான். மாமா மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். சித்தி வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருப்பாள். அண்ணன் பந்தியில். மேடைக்கு முன்னால் மட்டும் நிற்கிற கேமராவில் இவர்கள் விழ மாட்டார்கள், விழுந்தாலும் கடைசியில் அவசரமாக எடுத்த குழுப் படத்தில் வியர்த்த முகத்தோடு ஓரத்தில் நிற்பார்கள். ஆகவே சுற்றிவரும் இரண்டாவது கேமரா பணக்காரக் கல்யாணத்துக்கு அலங்காரம் என்றால், இவர்களுக்கு அது தேவை. இருபதாயிரம் எதற்கு என்று கேட்ட அப்பாவுக்குப் பதில் இதுதான்: உங்கள் மகன் ஆல்பத்தில் இருப்பதற்காக.

இனி அதை ஒரு வரியாக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு பழைய விளம்பரம் நினைவுக்கு வந்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குள் நூறு படம் எடுக்கும் சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்களுடைய விளம்பர வாசகம். அழகு, நினைவு, பொற்காலம் எதுவும் அதில் இல்லை. எந்த வேலை உன்னுடையது, எந்த வேலை எங்களுடையது என்று மட்டும் சொல்கிறது.

அந்த வழியில் போய் முதலில் இப்படி எழுதினோம்: "நீங்கள் கல்யாண வேலையைப் பாருங்கள், நாங்கள் உங்களைப் பார்த்துக்கொள்கிறோம்." எழுதியபோது இருவருக்கும் பிடித்திருந்தது. மறுபடி பெயரை மறைத்துப் படித்தால், சமையல் காண்டிராக்டர் சொல்வது போல இருந்தது. படம் எடுப்பவர் என்று தெரிய அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்து, "மேடை ஏறாதவர்களும் ஆல்பத்தில் இருப்பார்கள்" என்று எழுதினோம். விஷயம் வந்துவிட்டது. ஆனால் "ஏறாதவர்கள்" என்றால் யார்? படிக்கிறவர் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு மேடை ஏறாத சொந்தக்காரர் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். நம் கல்யாணங்களில் அவர்களுக்கும் பஞ்சமில்லை.

கடைசியில் படத்தில் இருந்த ஆளையே எடுத்து வைத்தோம். "பந்தியில் நின்ற அண்ணனும் ஆல்பத்தில் இருப்பார்." பந்தி என்றதும் கல்யாணம் வந்துவிடுகிறது, ஆல்பம் என்றதும் தொழில் வந்துவிடுகிறது. கல்யாணம் என்றோ போட்டோ என்றோ தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் இருக்கும் "உம்" என்ற ஈரெழுத்துப் பாலம்தான் முக்கியம். மற்றவர்கள் எப்படியும் இருப்பார்கள், இவரும் இருப்பார் என்று அது சொல்கிறது. மேடைப் படம் விட்டுப்போகுமோ என்று பயப்படுகிற பெரியவர்களுக்கும் அது தெம்பு.

இன்னும் ஒரு திருத்தம் கைபேசி சொல்லிக்கொடுத்தது. இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்ப்பார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு இரண்டு சொல் நிற்பதே அதிகம். எங்கள் வாசகம் மூன்று வரியாக உடைந்து, "இருப்பார்" மட்டும் கடைசி வரியில் தனியாகத் தொங்கியது. வினைமுற்று இல்லாமல் நிற்கும் வசதி தமிழ் வாக்கியத்துக்கு உண்டு. அதை எடுத்துவிட்டோம். பந்தியில் நின்ற அண்ணனும் ஆல்பத்தில். இரண்டு வரி, இரண்டு இரண்டு சொல்.

முகப்பு வரி செய்ய வேண்டியது படிக்கிறவரை நிறுத்துவது மட்டும்தான். நம்ப வைக்கும் வேலை கீழே வரும் பத்திக்கு. நாங்கள் எழுதி முடித்த பத்தி இது:

"நம்ம வீட்டுக் கல்யாணத்தில் வேலை செய்கிறவர்களும் நம்ம வீட்டு ஆட்கள்தான். மொய் எழுதுகிற மாமா, பந்தி கவனிக்கிற அண்ணன், தாம்பூலப் பை கொடுக்கிற சித்தி. மேடை ஏற இவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அதனால் ஒரு கேமரா மேடையில் நிற்கும், இன்னொன்று இவர்களைத் தேடி மண்டபம் முழுக்கச் சுற்றும். யாரையும் நிறுத்தி வைக்காமல் எடுக்கும் இந்தப் படங்களைத்தான் கேண்டிட் என்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் இரண்டு கேமராவும் மேடையில். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், வீடியோ, 60 பக்க ஆல்பம் ஒன்று, எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். கும்பகோணத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் வண்டிச் செலவும் இதிலேயே அடக்கம். டிரோன், எல்.ஈ.டி. திரை எங்களிடம் இல்லை. ஒரு முகூர்த்த நாளுக்கு ஒரு கல்யாணம்தான் ஒப்புக்கொள்வோம். போனில் பேசுகிற நானும் என் மச்சானும்தான் கேமராவோடு வருவோம்."

தொகையை எழுதலாமா வேண்டாமா என்று நண்பருக்குத் தயக்கம். "விலைக்கு அழைக்கவும்" என்று போடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். பேசினால் ஆளைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அளவான செலவுக்காரர்கள் அந்த வாசகத்தைப் பார்த்தால் அழைப்பதே இல்லை. கேட்டுவிட்டு, "அவ்வளவு முடியாதுங்க" என்று சொல்ல நேருமோ என்ற கூச்சம். அவர்களுக்குப் பயம் தொகையில் பாதி, அதற்கு மேல் வருவதில் மீதி. கல்யாணம் முடிந்த பிறகு ஆல்பத்தில் பக்கம் கூடிவிட்டது, வண்டி வாடகை, அட்டைப்பெட்டிக்குத் தனி என்று ஒவ்வொன்றாக வந்து கையைக் கடிக்கும். அதனால்தான் எத்தனை பக்கம், எவ்வளவு தூரம் என்று எல்லையோடு சொன்னோம்.

டிரோன் இல்லை என்று எழுதியது ஏன் என்று அவர் மனைவி கேட்டார். தொகை எப்படி இந்த அளவில் நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் தெரிய வேண்டும். காரணம் சொல்லாத குறைந்த தொகை, தரத்தில் எதையோ குறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். வானத்தில் பறக்கும் கேமராவை விட்டுவிட்டோம் என்றால், குறைத்தது எங்கே என்று புரிந்துவிடுகிறது.

கடைசி இரண்டு வாக்கியங்கள் தொழிலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வழக்கத்துக்கான பதில். வளர்பிறை முகூர்த்தம் ஒன்றிலேயே மூன்று கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டு, தான் ஒன்றுக்குப் போய், மற்ற இரண்டுக்கும் வேறு ஆட்களை அனுப்புவது நடக்கிறது. ஆல்பத்தில் பார்த்து மயங்கியது ஒருவர் எடுத்த படம், மண்டபத்துக்கு வந்து இறங்குவது வேறொருவர். ஏமாந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. "எங்கள் குழு" என்று எழுதாமல் "நானும் என் மச்சானும்" என்று எழுதியதற்கு அதுதான் காரணம். உண்மையில் அவரும் அவர் மச்சானும்தான் எடுக்கிறார்கள். வீடியோவுக்கு மட்டும் பழகிய ஒருவரைக் கூப்பிடுவார். வேறு ஆள் அனுப்புகிற பழக்கம் இருந்தால் இந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

அவர் சேர்க்கச் சொல்லி நான் மறுத்த வாக்கியமும் ஒன்று உண்டு. "ஒரு கணத்தைக்கூடத் தவறவிட மாட்டோம்." இது எந்தப் புகைப்படக்காரராலும் முடியாது. கெட்டிமேளம் ஒலிக்கும்போது முடிச்சு விழுவது சில நொடிகளில். சுற்றி நிற்கும் சொந்தங்கள் குனிந்து மறைப்பார்கள், அட்சதை பறக்கும், வீடியோ விளக்கு மணமகள் முகத்தை வெளுக்க அடிக்கும். அந்த நேரத்தில் ஒரு கேமரா சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தால் மேடையில் ஒரே கோணம்தான். அது மறைந்தால் தாலி கட்டும் படமே இல்லை. அதனால்தான் அந்த நேரத்தில் இரண்டும் மேடையில் என்று எழுதினோம். அப்படியானால் அந்த நிமிடத்தில் அண்ணன் முகம் கிடைக்காது. சாம்பார் வாளிப் படம் முடிச்சுக்கு முன்னால், நாயனம் வாசித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. எதை விட்டு எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பத்தி மறைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்குப் பொய்யான உறுதி தரும் விளம்பரத்தையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கணக்கில் எடுக்கிறது. அந்தப் பயம் ஒருபக்கம் இருக்கட்டும், தாலிப் படம் விட்டுப்போன வீட்டில் போய் நின்று பேச முடியாது.

வாசகத்துக்குப் பின்னால் அந்தச் சாம்பார் வாளிப் படத்தையே வைக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். எடுத்தவர் இல்லை. ஸ்டுடியோ வாசலில் யார் வீட்டுக் கல்யாணப் படத்தையும் மாட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நண்பர் அந்த அண்ணனைப் போய்ப் பார்த்து, கையெழுத்து வாங்கி வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். துண்டில் சாம்பார்க் கறை இருக்கிறதே, அதை எடுத்துவிட முடியுமா? நண்பர் முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. கறை இருந்தால்தான் கேண்டிட் என்று புரிய வைத்துச் சம்மதம் வாங்கினார்.

தளம் வெளியான வாரம் வந்த முதல் அழைப்பைப் பற்றி நண்பர் சொன்னார். பேசியது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பெண்ணின் அப்பா. எப்போதும் எவ்வளவு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இவர் தொகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதைப் படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார். குரலில் கொஞ்சம் சந்தேகம் மட்டும் இருந்தது.

"தம்பி, எங்க வீட்ல பொண்ணுக்கு அண்ணன் கிடையாது. பந்தியில பெரிய மாப்பிள்ளைதான் நிப்பார். அவரை எடுப்பீங்கல்ல?"